நான்கு லைனுக்கும் ஒரே டார்கெட் சரியா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பிஸ்கட், சோப்பு, மசாலா விநியோகம் செய்கிறேன். நான்கு லைன், நான்கு சேல்ஸ்மேன். ஆளுக்கு மாதம் 6 லட்சம் டார்கெட். தொட்டவருக்கு 5,000 ரூபாய், முதலிடம் வருபவருக்கு மேலும் 3,000. சென்ற மாதம் டவுன் 8.2 லட்சம், பாளை–மேலப்பாளையம் 6.6, வள்ளியூர்–திசையன்விளை 5.6, அம்பை–கல்லிடைக்குறிச்சி 5.1. இப்போது ஒருவர் கடையில் இன்னொருவர் பில் போடுகிறார். முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. அம்பை லைன் பையன் நின்றுவிடப் போவதாகச் சொல்கிறான். எப்படி வைத்தால் நியாயமாக இருக்கும்? ஓராண்டு பில் விவரத்தை இணைத்துள்ளேன்.
— விநியோகஸ்தர், பாளையங்கோட்டை

பதில்: நின்றுவிடப் போவதாகச் சொல்லும் அந்தப் பையனை முதலில் போகவிடாமல் தக்கவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பில்களை வைத்துப் பார்த்தால், சென்ற மாதம் உங்களிடம் மிக நன்றாக வேலை செய்தவர் அவர்தான். உங்கள் திட்டத்தில் கடைசியாக நின்றவரும் அவரே.

டவுன் லைனிலிருந்து தொடங்குகிறேன். அந்த 8.2 லட்சத்தில் 1.4 லட்சம் ரூபாய்ச் சரக்கு, மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் ஒரே மொத்தக் கடைக்குப் போயிருக்கிறது. அதில் 60,000 ரூபாய்ச் சரக்கு அடுத்த மாதம் முதல் வாரத்திலேயே ரிட்டர்ன் வந்துவிட்டது. மீதி எங்கே போயிருக்கும் என்பதை அம்பை பஜாரில் நான்கு கடைகளில் நீங்களே நின்று விசாரியுங்கள். ஸ்கீம் என்ற சலுகையோடு மொத்தமாக வாங்கும் கடைக்காரர், அந்த ஸ்கீமில் பாதியை விட்டுக்கொடுத்து, சுற்றூர்களிலிருந்து கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்களிடம் உங்கள் லைன் விலையைவிடக் குறைத்துத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பது. அப்படி நடந்திருந்தால், அம்பை லைன் பையன் கடை ஏறும்போது, “இதே பெட்டி டவுனில் 20 ரூபாய் குறைச்சலா கிடைக்குதே தம்பி” என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்திருக்கும். தன்னோடு வேலை செய்பவரின் பில்லே தன் விற்பனையைத் தின்கிறது என்று தெரிந்த பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், அதை அவர்களுடைய குணக்கேடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகையை உண்டாக்கியது நீங்கள் வைத்த கணக்கு.

ஆகவே மொத்தக் கடை வியாபாரத்தை எந்த சேல்ஸ்மேனின் கணக்கிலும் சேர்க்காமல் ஆபீஸ் கணக்கு என்று தனியாகப் பிரித்துவிடுங்கள். விலையையும் ஸ்கீமையும் மொத்தக் கடைக்காரர்களிடம் நீங்களே நேரில் பேசுங்கள். அதற்குக் கமிஷன் வேண்டாம். சில்லறைக் கடைகள் மட்டுமே லைன் கணக்கு.

அடுத்து டார்கெட். ஒவ்வொரு லைனுக்கும் சென்ற ஆண்டு இதே மாதம் நடந்த சில்லறை விற்பனையை எடுத்து, ரிட்டர்னைக் கழித்து, விலையேற்றத்தையும் சேர்த்து நால்வருக்கும் ஒரே வளர்ச்சி விகிதத்தை ஏற்றுங்கள். 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அம்பை லைனில் சென்ற ஆண்டு 4.65 லட்சம்; 8 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 5 லட்சம். அவர் 5.1 லட்சம் செய்திருக்கிறார், அதாவது 102 விழுக்காடு. டவுன் லைனில் மொத்தக் கடையை நீக்கினால் சென்ற ஆண்டு 6.6 லட்சம், இந்த ஆண்டு டார்கெட் 7.1 லட்சம், செய்தது 6.8 லட்சம்; 96 விழுக்காடு. இதே வழியில் பாளை லைன் 98, வள்ளியூர் லைன் 94 என்று வருகிறது. டவுன்காரரும் சோம்பி இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நால்வரும் ஏறத்தாழ ஒரே அளவு உழைத்திருக்க, ஒரே 6 லட்சம் என்ற கோடுதான் ஒருவரை வீரராகவும் இன்னொருவரைத் தோற்றவராகவும் காட்டியது.

சென்ற ஆண்டு மாதத்தோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். தீபாவளி 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்தது. 2026-இல் நவம்பர் 8 அன்று வருகிறது. கடைக்காரர்கள் பண்டிகைக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே சரக்கு ஏற்றுவதால், அக்டோபரை அக்டோபரோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று மாதங்களையும் சேர்த்து ஒரே டார்கெட்டாக வையுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் தேடி வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பும் நாட்களுக்கும் இதே கவனம் தேவை. அது மார்ச்சிலும் வரும், ஏப்ரலிலும் வரும். அம்பை வட்டாரத்தில் பிசான அறுவடை முடிந்து கையில் காசு புரளும் மாதமும், வயலில் செலவு மட்டுமே இருக்கும் மாதமும் ஒன்றல்ல. ஆண்டு டார்கெட்டைப் பன்னிரண்டால் வகுத்துக் கொடுத்தால், வயல்காட்டு லைன்காரர் பாதி மாதங்களில் தோற்பது நிச்சயம்.

இனி கமிஷன். தொட்டால் 5,000, தொடாவிட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை. வள்ளியூர் லைன்காரர் 28-ஆம் தேதி 5.6 லட்சத்தில் நிற்கிறார் என்றால், இன்னும் 40,000 ரூபாய்க்குப் பில் போட்டால் 5,000 ரூபாய் கிடைக்கும். அந்த நிலையில் யாராக இருந்தாலும் தெரிந்த கடையில் போய், “அண்ணாச்சி, ரெண்டு பெட்டி எடுத்துப் போடுங்க, விக்கலேன்னா நான் எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லத்தான் தோன்றும். அந்த இரண்டு பெட்டியும் அடுத்த மாதத்து விற்பனையிலிருந்து கடன் வாங்கியவை. 5.1 லட்சத்தில் இருப்பவரோ எட்டாது என்று 20-ஆம் தேதியே தெரிந்துகொண்டு, வரும் ஆர்டரை ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவைப்பார். மாதக் கடைசி நான்கு நாட்களில் ஒருவரின் பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுகிறதா, அதே கடையிலிருந்து அதே சரக்கு அடுத்த மாதம் திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து தெரிந்தால், நடப்பது தள்ளுதல், விற்பனை இல்லை.

இதற்கு மாற்றாக, டார்கெட்டில் 80 விழுக்காட்டில் 2,000 ரூபாயில் தொடங்கி, அதற்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 100 ரூபாயும், 100-ஐத் தாண்டிய ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 150 ரூபாயும் கொடுங்கள். சென்ற மாதத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், அம்பை 4,300, பாளை 3,800, டவுன் 3,600, வள்ளியூர் 3,400. மொத்தம் 15,100 ரூபாய். உங்கள் பழைய முறையில் இருவருக்கு மட்டும் 13,000 கொடுத்திருக்கிறீர்கள். கூடுதலாகும் 2,100 ரூபாய், அந்த 60,000 ரூபாய் ரிட்டர்னை ஏற்றி இறக்கிய வண்டிச் செலவோடும் கிழிந்த பெட்டிகளின் நட்டத்தோடும் வைத்துப் பார்த்தால் பெரிய சுமையாக இராது.

டவுன் லைன்காரர் இதை எதிர்ப்பார். தம் லைனில் ஒரு விழுக்காடு என்பது 7,100 ரூபாய் விற்பனை, அம்பையில் 5,000 ரூபாய்தானே என்று கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய கடைகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. அம்பை பையனோ முதல் கடை ஏறுவதற்கே சுமார் 35 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார். பெரிய லைனுக்கு அதிகக் கடைகள், அதிக வசூல் பொறுப்பு என்பதற்கு ஈடாக மாதச் சம்பளத்தில் ஒரு தொகையைக் கூட்டிக் கொடுங்கள். கமிஷன் விகிதத்தை மட்டும் நால்வருக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

கமிஷன் கணக்கில் பில்லை எண்ணாதீர்கள், வசூலை எண்ணுங்கள். பில் போட்ட 30 நாட்களுக்குள் வந்த பணம் முழுதாகச் சேரட்டும். அதற்குப் பிறகு வருவது கமிஷனுக்குச் சேராது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவர் போட்ட பில்லின் சரக்கு விற்காமல் 60 நாட்களுக்குள் திரும்பினால் அந்த மாதக் கணக்கில் கழியுங்கள். கம்பெனியிலிருந்தே உடைந்து வந்த பிஸ்கட்டையும் தேதி நெருங்கி வந்த மசாலாவையும் அவர் தலையில் கட்டக் கூடாது. அதற்கு உங்கள் குடோன் பதிவேட்டில் தனிப் பக்கம் போடுங்கள். வராத பாக்கிக்காகச் சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது. கழிப்பதெல்லாம் கமிஷனோடு நிற்க வேண்டும்.

கடை யாருடையது என்ற சண்டைக்கு ஒரே விதி போதும்: கடை எந்த லைனில் இருக்கிறதோ அந்த லைன்காரருக்கே கணக்கு, பில் போட்டவர் யாராக இருந்தாலும் சரி. மேலப்பாளையம் கடைக்காரர் பழக்கத்தினால் டவுன்காரருக்குப் போன் செய்து ஆர்டர் சொன்னால், அவர் அதை வாங்கிப் பாளை லைன்காரரிடம் கொடுக்கட்டும். மற்றவர் கடையில் நுழைவதால் பத்துப் பைசா லாபமில்லை என்றால் நுழைவது தானாக நின்றுவிடும். நால்வர் பெயரையும் வரிசைப்படுத்தித் தினமும் வாட்ஸப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய விழுக்காட்டை மட்டும் தனியே சொல்லுங்கள். முதலிடத்துக்கான 3,000 ரூபாயை எடுத்துவிட்டு, நான்கு லைனும் சேர்ந்து மொத்த டார்கெட்டை எட்டிய மாதத்தில் ஆளுக்கு 1,000 ரூபாய் என்று மாற்றலாம். அப்போது ஒருவர் லீவு போட்ட நாளில் அவருடைய வசூலை இன்னொருவர் போய் வாங்கி வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். இந்தத் தொகையை இதற்கு மேல் பெரிதாக்க வேண்டாம். பெரிதாக்கினால், பின்தங்கியவர் மீது மூவரின் கோபமும் திரும்பும்.

இறுதியாக நீங்கள் தரவேண்டிய வாக்கு ஒன்று உண்டு. யாராவது 115 விழுக்காடு செய்துவிட்டார் என்பதற்காக அடுத்த மாதமே அவருடைய டார்கெட்டை உயர்த்தாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால், 105-ஐத் தொட்டதும் ஆர்டர் புத்தகத்தை மூடிவிட நால்வரும் கற்றுக்கொள்வார்கள். டார்கெட் ஆண்டுக்கு ஒருமுறை, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் மட்டுமே மாற வேண்டும். ஒரு லைனில் கடைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடினாலோ குறைந்தாலோ மட்டும் இடையில் திருத்தலாம்.

அம்பை பையனிடம் இந்த வாரமே அவருடைய 102 விழுக்காட்டுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, அந்த 4,300 ரூபாயைக் கையில் கொடுங்கள். மற்ற மூவருக்கும் புதிய முறையை மூன்று மாதம் பழைய முறையோடு சேர்த்துக் கணக்கிட்டு, எது அதிகமோ அதைக் கொடுங்கள். அந்த மூன்று மாத ரிட்டர்ன் பதிவேட்டைப் பார்த்தபின் பழையதை நிறுத்துங்கள்.