நேற்றும் இன்றும் மாறி மாறி வரும் நாவலில் இரு இழைகளையும் பிணைப்பது எப்படி?

கேள்வி: "என் நாவலில் நிகழ்கால அத்தியாயமும் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அத்தியாயமும் மாறி மாறி வருகின்றன. படித்துப் பார்த்த நண்பர்கள், பழைய காலத்து அத்தியாயங்கள் வரும்போதெல்லாம் தாண்டிப் போகத் தோன்றுகிறது என்கிறார்கள். அவற்றைச் சுருக்குவதா, அல்லது வேறு ஏதாவது செய்வதா?"

பதில்: சுருக்குவதால் பெரிய பயன் இருக்காது. வாசகர் ஓர் அத்தியாயத்தைத் தாண்டிப் போவது அது நீளமாக இருப்பதனால் அல்ல. அந்த நேரத்தில் அவர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு அங்கே விடை இல்லை என்று அவருக்குத் தோன்றுவதனால்தான். இவ்வகை நாவல்களின் முதல் வரைவில் பெரும்பாலும் நிகழ்காலம் மட்டுமே கேள்வி கேட்கிறது, கடந்தகாலம் விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒரு திசையில் மட்டும் போகும்போது பழைய அத்தியாயங்கள் நீண்ட விளக்கக் குறிப்புகளாகிவிடுகின்றன. கடந்தகாலமும் தன் பங்குக்கு ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். அதற்கான விடை நிகழ்காலத்தில் மட்டுமே கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டு காலங்களும் இயல்பிலேயே வெவ்வேறு வகைக் கேள்விகளை எழுப்புகின்றன. நிகழ்காலம் 'இது ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்கிறது. கடந்தகாலம் 'இதன் பிறகு என்ன ஆயிற்று?', 'இது அவருக்கு எப்போதாவது தெரியவந்ததா?' என்று கேட்கிறது. பின்னைய இரண்டையும் பலர் பயன்படுத்துவதே இல்லை.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். தந்தை இறந்தபின் அவருடைய அலமாரியைத் திறக்கும் மகள், அவருடைய தம்பி ஆண்டுதோறும் அனுப்பிய உறைகள் கட்டாக இருப்பதைக் காண்கிறாள். எதுவும் பிரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றுகூடத் தூக்கி எறியப்படவும் இல்லை. பிரிக்க விரும்பாதவர் எதற்காகப் பாதுகாத்தார் என்பது நிகழ்காலம் எழுப்பும் முதல் கேள்வி.

அடுத்த அத்தியாயம் முப்பது ஆண்டுகள் பின்னால் போகிறது. அண்ணனும் தம்பியும் ஒரு படகுத்துறையில் ஒன்றாகத் தொழில் செய்கிறார்கள். படகின் அடிப்பலகையில் நீர் கசிகிறது. நாளை சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்தில், பழுது பார்த்தாயிற்று என்று அண்ணன் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். அன்றிரவே படகு கவிழ்ந்து ஒரு பயணி இறக்கிறார். விசாரணை நாளில் தம்பி உள்ளே போகிறான், கதவு சாத்தப்படுகிறது, அண்ணன் வெளியே நிற்கிறார். சில நாட்களில் அண்ணனின் உரிமம் ரத்தாகிறது. தம்பி காட்டிக்கொடுத்துவிட்டான், அந்தக் கோபத்தில்தான் அண்ணன் உறைகளைப் பிரிக்கவில்லை என்று வாசகர் முடிவு கட்டுவார். இது அரைகுறையான விடைதான், இந்த இடத்தில் அதுவே வேண்டும். இதே அத்தியாயம் தனக்கென ஒரு கேள்வியையும் விட்டுச்செல்கிறது: அந்த அறைக்குள் தம்பி என்ன சொன்னான்? பழைய காலத்தை நாம் அண்ணனின் பார்வையில் காண்பதால் கடந்தகாலம் இதற்கு விடை சொல்லவே முடியாது. விடை அந்த உறைகளுக்குள் இருக்கிறது, உறைகளோ நிகழ்காலத்தில் மகளின் கையில் இருக்கின்றன.

மகள் மிகப் பழைய உறையைப் பிரிக்கிறாள். உள்ளே தம்பியின் வாக்குமூலத்தின் நகல். அன்று படகை ஓட்டியது தானே என்று அவன் பழியை ஏற்றிருக்கிறான். அப்படியானால் தந்தையின் உரிமம் ஏன் பறிபோனது? கதை மீண்டும் பின்னால் போகும்போது அதிகாரி பதிவேட்டைத் திருப்பி அண்ணனின் கையெழுத்தைக் காட்டுகிறார். உரிமம் போனது அந்தக் கையெழுத்தினால். இப்போது கடந்தகாலத்தின் அடுத்த கேள்வி எழுகிறது: தம்பி தனக்காகப் பொய் சொன்னான் என்பது அண்ணனுக்கு எப்போதாவது தெரியவந்ததா? நிகழ்காலத்தில் மகள் உறைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறாள். அவள் பிரித்த அந்தப் பழைய உறையின் ஓரத்தில் பசை இரண்டு அடுக்காக இருக்கிறது. யாரோ ஏற்கெனவே திறந்து படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். மற்ற உறைகளைப் பிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் கோபம் அல்ல, வெட்கம் என்று முதல் கேள்வியின் முழு விடையும் இங்கே கிடைத்துவிடுகிறது.

இதில் அந்தக் கையெழுத்து வைக்கப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். அண்ணனின் பார்வையில் கதை சொல்லிக்கொண்டே அவருக்குத் தெரிந்த ஒன்றை மறைத்துவைத்துக் கடைசியில் அவிழ்த்தால், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாசகர் உணர்வார். அந்த உணர்வு நியாயமானது. ஆகவே கையெழுத்து பழைய காலத்தின் முதல் அத்தியாயத்திலேயே வெளிப்படையாக, அன்றாட வேலைகளுக்கு நடுவில் ஒரு வரியாக வந்துவிட வேண்டும். தகவல் முன்பே தரப்படுகிறது, அதன் கனம் மட்டும் பின்னால் தெரிகிறது. அறைக்குள் நடந்ததோ அவருக்கே தெரியாதது. அதை மறைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. எதையாவது மறைக்கும்போதெல்லாம், இந்த அத்தியாயம் யாருடைய பார்வையில் நடக்கிறதோ அவருக்கு இது தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியுமென்றால், விடையைத் தள்ளிப்போடும் உரிமை உங்களுக்கு இல்லை.

வேகம் குறைய இன்னொரு காரணமும் உண்டு, உங்கள் நாவலில் அதையும் தேடிப்பாருங்கள். வாசகர் பழைய அத்தியாயத்தில் நேரில் கண்ட படகு விபத்தை, அடுத்த நிகழ்கால அத்தியாயத்தில் ஓர் உறவினர் மகளுக்கு உட்காரவைத்து விவரிப்பார். மகளுக்கு அது புதிய செய்தி, வாசகருக்கோ கேட்டுச் சலித்த செய்தி. ஒரு செய்தியை ஓர் இழையில் மட்டுமே நிகழ்த்துங்கள். மற்ற இழையில் அதன் விளைவு மட்டும் வரட்டும். விபத்தைப் பற்றி மகளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அந்த உரையாடலே தேவைப்படாது.

அத்தியாயத்தை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு தவறான பழக்கம் பரவியிருக்கிறது. படகு கவிழும் நொடியில் நிறுத்திவிட்டு வேறு காலத்துக்குத் தாவினால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அவருடைய கேள்விக்கு அடுத்த காலத்தில் விடை இல்லை. காட்சி முடியட்டும், கேள்வி தெளிவாக உருவாகட்டும், அதன் பிறகு விடை இருக்கும் காலத்துக்குப் போங்கள். கதவு சாத்தப்பட்ட இடத்தில் வெட்டுவது சரியாக அமைவது, அடுத்து வரும் உறை அந்தக் கதவைத் திறப்பதனால்தான்.

உங்கள் வரைவைச் சோதிக்க ஒரு தாளில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, அது எந்தக் கேள்வியை எழுப்புகிறது, எந்த அத்தியாயத்தின் கேள்விக்கு விடை தருகிறது என்று மட்டும் எழுதுங்கள். பழைய காலத்து வரிகளில் 'எழுப்புகிறது' என்ற பகுதி தொடர்ந்து காலியாக இருந்தால், நண்பர்கள் தாண்டிப்போகும் அத்தியாயங்கள் அவையாகவே இருக்கும். ஒரு கேள்விக்கும் அதன் முதல் விடைக்கும் இடையே நான்கைந்து அத்தியாயங்கள் கிடந்தால் வாசகர் அந்தக் கேள்வியை மறந்திருப்பார்; பாதி விடையையாவது முன்னால் கொண்டுவாருங்கள். அடுத்தடுத்த இரண்டு அத்தியாயங்களை இடம் மாற்றிப் படித்தும் எதுவும் கெடவில்லையென்றால், அவை பக்கத்தில் இருக்கின்றனவே தவிரப் பிணைக்கப்படவில்லை.

பிணைப்பு சரியாக அமைந்தும் ஒரு பழைய அத்தியாயம் தொய்வாகத் தோன்றினால், அதில் வரும் மனிதருக்கு அந்த நாளில் ஏதாவது தேவைப்படுகிறதா என்று பாருங்கள். அண்ணனுக்கு அன்று படகை எப்படியாவது ஓட்டியாக வேண்டும்; அதனால்தான் கையெழுத்திட்டார். பின்னால் வரப்போகும் மகளுக்குத் தடயம் விட்டுச்செல்வதற்காக அவர் எதையும் செய்யக் கூடாது. அத்தகைய தேவை இல்லாத அத்தியாயங்களை மட்டும் நீங்கள் தயங்காமல் சுருக்கலாம், அல்லது நீக்கிவிடலாம்.