பிஆர் கிடைத்த பிறகு சம்பளச் சீட்டில் நடப்பது

“அண்ணா, வணக்கம். வயது 33. சிங்கப்பூருக்கு ஈபியில் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது நிரந்தரவாசம், அதாவது பிஆர் கிடைத்துவிட்டது. சம்பளம் 6,500 வெள்ளி. இனி சிபிஎஃப் பிடிப்பார்கள் என்கிறார்கள். கையில் எவ்வளவு குறையும்? வயது ஏற ஏற மாறுமாமே, அது எப்படி? வாடகைக்கு ஈசூன் நல்லதா, செங்காங்கா? பொண்ணுக்குப் பள்ளி எப்படித் தேடுவது?”

தம்பி, வாடகையும் பள்ளியும் உன் அலுவலகத்திலேயே நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். எம்ஆர்டி பக்கத்தில் பார், அது போதும். நான் சொல்ல வேண்டியது சிபிஎஃப் என்ற கட்டாயச் சேமநிதி பற்றித்தான். ஏனென்றால் பிஆர் வாங்கிய நம் ஆட்கள் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத் திண்டாடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் உன் கணக்கு. ஈபி என்ற வேலை அனுமதியில் இருக்கும்வரை சிபிஎஃப் கிடையாது. இந்தியச் சமூக உதவி அமைப்பான சிண்டாவுக்கு 9 வெள்ளி போக மீதி முழுவதும் கைக்கு வந்துகொண்டிருந்தது. பிஆர் ஆனதும் இரு தரப்புப் பங்கும் சேர்ந்த 37 சதவீதமும் ஒரேயடியாக வந்துவிடாது, மூன்று படியாக ஏறும். முதல் வருஷம் உன் பங்கு 5 சதவீதம், முதலாளி பங்கு 4. இரண்டாம் வருஷம் உன் பங்கு 15, முதலாளி பங்கு 9. மூன்றாம் வருஷத்திலிருந்து நீ 20, முதலாளி 17. இது 55 வயது வரைக்குமான விகிதம்.

6,500-க்குப் போட்டுப் பார். முதல் வருஷம் 325 வெள்ளி போய் ஏறக்குறைய 6,166 கைக்கு வரும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “இவ்வளவுதானா!” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் 975 பிடிப்பார்கள், கைக்கு 5,516. அதற்கடுத்து 1,300 பிடிப்பார்கள், கைக்கு 5,191. அதாவது ஈபியில் வாங்கியதைவிட மாதம் 1,300 குறைவு. அடி விழுவது பிஆர் கிடைத்த அன்று இல்லை, ஒரு வருஷம் கழித்துத்தான். அதற்குள் நம் ஆள் ஊரில் வீட்டுக் கடன் எடுத்திருப்பான், இங்கே கொஞ்சம் பெரிய வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டிருப்பான், இரண்டும் முதல் வருஷச் சம்பளத்தை நம்பி. நீ எந்தத் தவணை ஒப்புக்கொண்டாலும் 5,191-ஐ வைத்து ஒப்புக்கொள்.

தேதியையும் குறித்து வைத்துக்கொள். உனக்கு நிரந்தரவாசம் மார்ச் 12 அன்று தொடங்கியது என்றால், முதல் வருஷ விகிதம் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை ஓடும். ஏப்ரல் 1 முதல் இரண்டாம் படி. அதற்கடுத்த ஏப்ரல் 1 முதல் முழு விகிதம். போனஸிலும் இதே விகிதத்தில் பிடிப்பார்கள். இரண்டு மாதப் போனஸ், 13,000 என்று கணக்குப் போட்டு வைத்திருப்பாய்; மூன்றாம் வருஷம் அதில் கைக்கு வருவது 10,400.

சரி, இப்போது எல்லோரும் பார்க்கத் தவறுகிற இன்னொரு பாதி. மூன்றாம் வருஷம் உன் 1,300-உடன் முதலாளியின் 1,105-உம் சேர்ந்து மாதம் 2,405 உன் பெயரில் ஏறும். உன் வயதுக்கு அதில் ஏறக்குறைய 1,495 சாதாரணக் கணக்குக்குப் போகும், மீதி ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கும். சாதாரணக் கணக்குப் பணத்தில் வீட்டுக் கடன் தவணை கட்டலாம். நீயும் மனைவியும் பிஆர் ஆகி மூன்று வருஷம் முடிந்தால் அரசாங்கம் கட்டிய வீவக வீட்டை மறுவிற்பனையில் வாங்கலாம். அப்போது வாடகை என்று கையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தின் இடத்தில் சிபிஎஃப் பணம் தவணை கட்டும். வீட்டை விற்கும்போது எடுத்த பணத்தை வட்டியோடு உன் சிபிஎஃப் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. வருமான வரி கணக்கிடும்போது உன் கட்டாயப் பங்குக்கு வரிக் கழிவும் உண்டு.

நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது முதலாளி பங்கைப் பற்றித்தான். நம் ஊரில் சிடிசி என்று எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கிச் சொல்லிப் பழகிவிட்டார்கள், பிஎஃப்பில் முதலாளி போடுவதும் அதற்குள்ளேயே இருக்கும். இங்கே அப்படி இல்லை. 6,500 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் முதலாளியின் 17 சதவீதம் அதற்கு மேலே. அதை உன் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. “நீங்கள் பிஆர் ஆகிவிட்டதால் எங்களுக்குச் செலவு கூடுகிறது, அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதுகிறோம்” என்று யாராவது காகிதம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதே. நம் ஆட்கள் பலர் வேலை போய்விடுமோ என்று பயந்து பேசாமல் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டுவிட்டு வந்து, “எல்லா இடத்திலும் இப்படித்தான்” என்று புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. விரும்பினால் முதல் நாளிலிருந்தே முதலாளி முழுப் பங்கும் போட, நீ மட்டும் படிப்படியாகப் போட வழி இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து சிபிஎஃப் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் கேட்டுப் பார், சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது, பிடித்தார்கள் என்பதும் கட்டினார்கள் என்பதும் ஒன்றல்ல. நான் 1996-இல் வந்தேன். பிஆர் ஆன பிறகு வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனத்தில் சம்பளச் சீட்டில் 20 சதவீதம் பிடித்ததாக ஒழுங்காக அச்சாகி வரும். வீட்டுக்குத் தபாலில் வந்த சிபிஎஃப் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் அந்த மாதங்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. என் பங்கும் இல்லை, அவர்கள் பங்கும் இல்லை. கேட்டதற்கு, “அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடுவோம், நம்மவர்தானே” என்றார்கள். நான் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நேரே கழகத்துக்குப் போனேன். பாக்கி வந்து சேர்ந்தது. உடன் வேலை பார்த்த சிலர் முறைத்தார்கள், ஆனால் அவர்கள் பாக்கியும் சேர்ந்துதான் வந்தது. அன்று அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். உனக்கு சிபிஎஃப் கணக்கை இணையத்திலேயே திறந்து பார்க்க சிங்பாஸ் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்கப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு பங்கும் சேர்ந்து ஒரே தொகையாக நிற்கும். முதல் வருஷத்தில் உனக்கு அது 585. குறைந்திருந்தால் உடனே கேள்.

வயதுக் கணக்கு கேட்டாய். அது எனக்கே இப்போது நடந்துகொண்டிருப்பதால் என் சீட்டையே சொல்கிறேன். சம்பளம் 6,000. 55 வயது வரை என் பங்கு 1,200, முதலாளி பங்கு 1,020. 2024-இல் 55 முடிந்தது. பிறந்தநாள் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என் பங்கு 16 சதவீதமாக, 960 ஆனது. கைக்கு 240 வெள்ளி கூடுதலாக வந்தது. வீட்டில் சம்பள உயர்வா என்று கேட்டார்கள். உயர்வு இல்லை. முதலாளி பங்கும் அதே மாதம் 15 சதவீதமாக இறங்கி 900 ஆகியிருந்தது. கைக்கு 240 வந்தது, அது என் பணமே இடம் மாறியது. முதலாளியிடமிருந்து வந்துகொண்டிருந்த 120 நின்றுபோனது. வயதானவர்களை வேலையில் வைத்திருக்க நிறுவனங்களுக்குச் செலவு குறைய வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

இப்போது அரசாங்கம் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறது. 55-க்கு மேல் 60 வரை 2025-இல் தொழிலாளி 17, முதலாளி 15.5 என்றானது. 2026-இல் 18, 16. ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் என் கைக்கு 60 வெள்ளி குறைகிறது. கூடுதலாகப் பிடிப்பது ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. என் வயதுக்காரர்கள் காப்பிக்கடையில் இதைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். நான் புலம்பவில்லை, முதலாளியும் 30 வெள்ளி கூடுதலாகப் போடுகிறாரே. 60 தாண்டினால் இப்போதைய விகிதம் இருவருக்கும் 12.5. 65 தாண்டினால் தொழிலாளி 7.5, முதலாளி 9. 70-க்கு மேல் 5, 7.5. உன் முறை வரும்போது இவை மாறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்றால் “சிபிஎஃப் என்று நம் காசைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்” என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிஆரை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊருக்குக் கிளம்பினால் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான், எடுத்துப்போய் ஊரில் மாடி வீடு கட்டியவர்களும் உண்டு. அவரவர் விருப்பம். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும் பார்க்கிறவர்கள்.

1999 ஜனவரியில் இது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆசிய நிதி நெருக்கடியால் முதலாளி பங்கை 20-லிருந்து 10 சதவீதமாக வெட்டினார்கள். எங்கள் பங்கு 20-இலேயே நின்றது. அதனால் அந்த மாதம் கைக்கு வந்தது ஒரு வெள்ளிகூட மாறவில்லை. தொழிற்கூடத்தில் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் நமக்கொன்றும் ஆகவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த சீன மேற்பார்வையாளர், ஐம்பதைத் தொட்டவர், வீட்டுக் கடன் தவணையை சிபிஎஃப்பிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். பழைய தவணைக்கு இனி சாதாரணக் கணக்கில் பணம் போதாது, மீதியைக் கையிலிருந்து போட வேண்டும் என்று ஒரு அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளம் எங்களைவிட இரண்டு மடங்கு. அந்த மாதம் மதிய இடைவேளையில் அவர் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தார்.