தரைக்குக் கீழே ஓடிய அனல் - கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோமானியக் குளியலகங்கள் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். தரைக்கடியில் தீ மூட்டி அறையைச் சூடாக்கினார்கள் என்றார்கள். புகை அறைக்குள் வராதா? அவ்வளவு விறகையும் நீரையும் யார் பொறுப்பேற்றுப் பார்த்தார்கள்? சாதாரண ஜனங்களும் போக முடிந்ததா? அத்தனை பேர் இறங்கும் தொட்டி எப்படிச் சுத்தமாக இருந்திருக்கும்?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

தீ எரிந்தது அறைக்கு நேர் கீழே அல்ல, சுவருக்கு வெளியே ஓர் அடுப்பில். அடுப்பின் வாய் தரையடிப் பள்ளத்துக்குள் திறக்கும். அந்தப் பள்ளத்தில் சதுரச் செங்கற்களை அடுக்கி இரண்டடி உயரத்துக்குக் குட்டைத் தூண்கள் எழுப்பி, அவற்றின்மேல் பெரிய ஓடுகளைப் பரப்பி, அதற்கும் மேல் கனமாகக் காரை போட்டுத் தளம் அமைப்பார்கள். பள்ளத்தின் அடி அடுப்பை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், உள்ளே பந்தை எறிந்தால் தங்காமல் உருண்டு அடுப்பு வாய்க்கே திரும்ப வேண்டும் என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அந்த ஏற்றத்தில்தான் அனல் தானாக மேலேறிப் பரவும். சுவர்களின் உட்புறத்தில் பதித்த சுட்டமண் குழாய்கள் வழியாக ஏறி வெளியேறும். போகிற போக்கில் சுவரும் சூடாகும். காற்றின் இழுப்பு நன்றாக இருக்கும்வரை புகை அறையை எட்டிப்பார்க்காது. ஆனால் தளத்தில் விரிசல் விட்டால் கதை வேறு. நச்சு வாயு நேரே குளிப்பவர்களின் மூக்குக்கு வரும்.

அவ்வளவு தடித்த தளம் சூடேறப் பல மணி நேரம் ஆகும். ஆறினால் மறுபடி முதலிலிருந்து விறகைக் கொட்ட வேண்டும். அதனால் அடுப்பை அணைய விடாமல் காப்பதே லாபம்.

இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான பொம்பேயின் ஸ்தாபியன் குளியலகத்தில் முதலில் ஆழ்கிணற்றிலிருந்து வாளிச் சக்கரத்தால் நீர் இறைத்தார்கள். கால்வாய் நீர் ஊருக்கு வந்தபின் அந்தப் பாடு குறைந்தது. அடுப்படியில் மூன்று கொப்பரைகள் இருக்கும். சூடானதிலிருந்து எடுக்க எடுக்க வெதுவெதுப்பானது அதில் இறங்கும், அதன் இடத்துக்குக் குளிர்நீர் வரும். எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. அங்கே பெண்கள் பகுதித் தொட்டியோடு ஒட்டி, தீயின் மேலேயே, பாதி உருளை வடிவில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பதித்திருந்தார்கள். அது தொட்டியின் அடிமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தது. ஆறிய நீர் அதற்குள் இறங்கும், சூடேறி மேலே திரும்பும். ஆள் வேண்டாம், வால்வும் வேண்டாம்.

யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. போர்ச்சுகலில் அல்ஜுஸ்ட்ரெல் என்ற ஊரில் 1876-இல் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. அந்த இடம் அன்று விபாஸ்கா என்ற சுரங்கக் குடியிருப்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே குளியலகத்தைக் குத்தகைக்கு எடுப்பவருக்கு விதித்த நிபந்தனைகள் அந்தப் பலகையில் உள்ளன. ஆண்டு முழுக்கத் தினமும் தன் செலவில் சூடாக்க வேண்டும். நீர் குறிப்பிட்ட மட்டம் வரை நிற்க வேண்டும். மட்டம் குறைந்தால் கொப்பரை வெறுமனே தீயில் காய்ந்து கெட்டுப்போகும் அல்லவா? தீயில் படும் பாத்திரங்களை 30 நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கொழுப்புப் பூச வேண்டும். விறகை வெளியே விற்கக் கூடாது, எரிக்க உதவாத கிளைகளை மட்டும் விற்கலாம். மீறினால் ஒவ்வொரு விற்பனைக்கும் செஸ்டர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தில் 100 அபராதம். இப்படி ஒரு விதி எழுத நேர்ந்ததென்றால், குத்தகைதாரர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று ஊகிக்கலாம்.

கட்டணமும் அதே பலகையில் இருக்கிறது. அஸ் என்ற சிறு காசில் ஆணுக்கு அரை, பெண்ணுக்கு முழுசு. படைவீரர்களுக்கும் சிறுவர்களுக்கும் சுரங்க நிர்வாகத்தின் அடிமைகளுக்கும் இலவசம். விடியலிலிருந்து நண்பகல் தாண்டும்வரை பெண்கள், பிறகு இரவின் முதல் நாழிகைகள்வரை ஆண்கள். வேலை முடித்து வருபவர்களுக்கு மாலை வசதி. பெண்களுக்கோ இரட்டிப்புக் கட்டணம், அதுவும் காலையில். ஏழைகளும் போனார்கள் என்பது உண்மை, எல்லோருக்கும் ஒரே தராசு என்பது பொய்.

சுத்தத்துக்கு வருவோம். நீரைச் சூடாக்க ஆன விறகை நினைத்தால், அதை அடிக்கடி மாற்ற எவருக்கும் மனம் வராது. குளியல் என்றால் எண்ணெய், வியர்வை, அழுக்கு, பிசுபிசுத்த நீர், எல்லாமே அருவருப்பு என்று பேரரசர் மார்க்கஸ் அரேலியஸே எழுதினார். ஆறாத புண்ணோடு குளியலகத்துக்குப் போனால் புண் அழுகும் என்று மருத்துவம் எழுதிய செல்சஸ் எச்சரித்தார். நோயாளிகளையும் அங்கேதான் அனுப்பினார்கள்.

இதற்கு ஹம்மாம்கள் எனப்படும் இடைக்கால இஸ்லாமியப் பொதுக் குளியலகங்கள் ஒரு விடை கண்டன. ஜோர்டானியப் பாலைவனத்தில் 8ஆம் நூற்றாண்டின் குசைர் அம்ரா மாளிகையில் கிணறும் தரையடி அனலும் ரோமானிய வழியிலேயே இருக்கின்றன. பின்னர் வந்த ஹம்மாம்களில் பெரும்பாலும் பொதுத் தொட்டி போய்விட்டது. தரையின் சூட்டில் உட்கார்ந்து வியர்த்து, கிண்ணத்தால் நீரை மொண்டு மேலே ஊற்றிக்கொண்டார்கள். ஒருவர் மேல் ஊற்றிய நீர் அடுத்தவருக்குப் போகாமல் வடிகாலில் ஓடிவிடும்.