டிரெய்லிங் ஸ்டாப்: 20 நாள் சராசரியா, ஷாண்டிலியர் எக்ஸிட்டா?

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 400 ரூபாய்க்கு வாங்கின ஒரு பங்கு 480 வரை போயிருக்கிறது. 20 நாள் சராசரிக்குக் கீழே குளோஸ் ஆனால் விற்பது என் வழக்கம். இதே பங்கில் முன்பு இரண்டு தடவை அப்படி விற்ற பிறகுதான் விலை ஏறியது. நண்பர் ஷாண்டிலியர் எக்ஸிட் போடச் சொல்கிறார். எதை வைப்பது? ராத்திரிதான் சார்ட் பார்க்க முடியும்.

பதில்: உங்கள் நிலைமைக்கு ஷாண்டிலியர்தான். ஆனால் நண்பர் சொன்னார் என்பதற்காக மாற்றாதீர்கள். விலை இறங்கி உடைத்தால் விற்கச் சொல்லும் இந்த இரண்டு ஸ்டாப் கோடுகளும் விலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன, அந்தத் தூரத்தை எது தீர்மானிக்கிறது என்று புரிந்துகொண்டு மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த சரிவில் பயந்து பழையதற்கே திரும்பிவிடுவீர்கள்.

சராசரியின் தூரத்தை ஏற்றத்தின் வேகம் தீர்மானிக்கிறது. விலை ஒரே சீராக ஏறும்போது 20 நாள் சராசரி ஏறக்குறைய ஒன்பதரை நாள் பின்தங்கி வரும். தினமும் 2 ரூபாய் ஏறுகிற பங்கு என்றால் கோடு 19 ரூபாய் கீழே இருக்கும், அதாவது 478ல் குளோஸ் ஆன அன்று 459ல். இப்போது பங்கு கொஞ்சம் ஓய்வெடுக்கிறது, பத்து நாள் 470ஐ ஒட்டியே சுற்றுகிறது என்று வையுங்கள். பழைய குறைந்த விலைகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழிய, சராசரி மேலே வந்துகொண்டே இருந்து 470க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் விலை பெரிதாக விழவே வேண்டாம், ஒரு நாள் 466ல் குளோஸ் ஆனால் போதும், நீங்கள் வெளியே. எக்ஸ்போனென்ஷியல் சராசரிக்கு மாற்றினாலும் இந்தக் குணம் போகாது, சீரான ஏற்றத்தில் அதற்கும் அதே ஒன்பதரை நாள் பின்தங்கல்தான்.

உங்களுக்கு இரண்டு தடவை நடந்தது அநேகமாக இதுதான். சார்ட்டைத் திறந்து அந்த நாட்களைப் பாருங்கள். விலை அதே இடத்தில் படுத்துக் கிடக்க, கோடு மேலேறி வந்து தொட்டிருந்தால் நான் சொன்னதுதான் காரணம். விலையே சரிந்து கோட்டை உடைத்திருந்தால் கதை வேறு, அப்போது சராசரி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஷாண்டிலியரை உருவாக்கியவர் சக் லெபோ. வழக்கமான கணக்கு இது:

```
ஸ்டாப் = கடந்த 22 நாளின் உச்ச விலை − 3 × ATR(22)
```

ஏடிஆர் என்பது வெல்ஸ் வைல்டர் 1978ல் தந்த அளவு. பங்கு ஒரு நாளில் சராசரியாக எத்தனை ரூபாய் ஆடுகிறது என்பதை, நேற்றைய குளோசுக்கும் இன்றைய விலைக்கும் நடுவே கேப் விழுந்தால் அதையும் சேர்த்து, சொல்லும். உங்கள் பங்கின் ஏடிஆர் 10 என்று வைத்துக்கொண்டால் ஸ்டாப் 480 கழித்தல் 30, அதாவது 450. அதே பத்து நாள் ஓய்வு வரட்டும்: உச்சம் 480 அப்படியே இருக்கிறது, கோடும் 450ல் அப்படியே நிற்கும். ஆட்டம் அடங்கி ஏடிஆர் 8க்கு வந்தால் 456க்கு ஏறும். 466 குளோஸ் அதைத் தொடவே தொடாது.

பலர் கவனிக்காதது இதன் மறுபக்கம். ஓய்வு முடிந்து 480ல் குளோஸ் ஆன பங்கு வேகம் பிடித்து அடுத்த பத்து நாளில், தினம் 10 ரூபாயாக, 580க்குப் போகிறது. சராசரியில் பாதி பழைய 470 விலைகள், அதனால் அது 502, 503ல்தான் நிற்கும், கிட்டத்தட்ட 77 ரூபாய் கீழே. உச்சம் 585, ஏடிஆர் 14 ஆகியிருந்தால் ஷாண்டிலியர் 543ல் இருக்கும். ஆக சராசரி, பங்கு நிற்கும்போது நெருக்குகிறது, ஓடும்போது தளர்த்துகிறது. லாபத்தைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு இது இரண்டு இடத்திலும் தலைகீழ்.

ஷாண்டிலியருக்கும் ஒரு குறை உண்டு. அந்த ஓய்வு உண்மையிலேயே ஏற்றத்தின் முடிவாக இருந்தால் சராசரி உங்களை 466லேயே வெளியேற்றியிருக்கும், ஷாண்டிலியர் 456, 450 வரை காத்திருக்க வைக்கும். இரண்டையும் போட்டு எது முதலில் உடைகிறதோ அதில் விற்கலாம் என்று ஒரு யோசனை வரும், வேண்டாம். அப்படிச் செய்தால் எந்த நேரத்தில் எது நெருக்கமோ அதுதான் உங்கள் ஸ்டாப், ஓய்வு நாட்களில் பழையபடி சராசரியிடமே மாட்டிக்கொள்வீர்கள்.

ராத்திரிதான் பார்க்க முடியும் என்றீர்களே, என் முடிவுக்கு அது பெரிய காரணம். சராசரியை குளோஸ் கணக்கில் வைத்தால் மூன்றேகால் மணிக்குத் திரை முன்னால் இருக்க வேண்டும், மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். கொழுந்து எடை போடுகிற நேரம் அது. இல்லையென்றால் மறுநாள் காலை திறக்கிற விலைக்குத்தான் விற்க முடியும். ஷாண்டிலியரில் இன்று ராத்திரி கணக்குப் போட்டால் நாளைக்கான எண் கையில் இருக்கும், அதை, அந்த விலை வந்தால் தானாக விற்பனைக்குப் போகும் ஜிடிடி ஆர்டராகப் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரண்டும் டவரும் போனால்கூட அந்த ஆர்டர் புரோக்கரிடம் இருக்கும். பகல் நேரக் குத்து ஒன்றில் அது தட்டிவிடலாம் என்பது உண்மை, மூன்று ஏடிஆர் இடம் விடுவது அதற்கும் சேர்த்துத்தான்.

ஜிடிடியில் இரண்டு விஷயம் பாருங்கள். விற்கிற பங்கை உங்கள் கணக்கிலிருந்து எடுக்க புரோக்கருக்கு முன்கூட்டியே தருகிற அனுமதியான டிடிபிஐ கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் டிரிகர் ஆனாலும், அன்று நீங்கள் டிபின் போட்டு அனுமதி தராவிட்டால் விற்பனை நடக்காமல் போகலாம். இரண்டாவது, டிரிகர் ஆனதும் போவது பெரும்பாலும் லிமிட் ஆர்டர். டிரிகர் 450, லிமிட்டும் 450 என்று வைத்தால் காலையில் 446ல் திறக்கிற அன்று ஆர்டர் சும்மா நிற்கும், விலை கீழே போய்க்கொண்டிருக்கும். லிமிட்டை 440 போல இறக்கி வையுங்கள். அதையும் தாண்டிக் கேப் விழுந்தாலோ அன்றைய இறக்க வரம்பான லோயர் சர்க்யூட்டில் பூட்டினாலோ எந்த ஸ்டாப்பும் காப்பாற்றாது.

கோட்டை ஒருபோதும் கீழே இறக்காதீர்கள். ஏடிஆர் பெருத்தாலும், பழைய உச்சம் 22 நாள் கணக்கிலிருந்து கழிந்துபோனாலும் சூத்திரம் நேற்றைவிடக் குறைந்த எண்ணைத் தரும். அன்று நேற்றைய எண்ணே இருக்கட்டும். சில சார்ட்டுகள் இதைத் தாமாகவே செய்யும், சில செய்யாது. சிலவற்றில் உச்ச விலைக்குப் பதிலாக உச்ச குளோசிங்கை எடுத்துக் கணக்கிடுவார்கள், கோடு இன்னும் கீழே தெரியும். செட்டிங்கைத் திறந்து ஒரு நாளாவது கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

மூன்று என்ற பெருக்கலை வேதமாக எடுக்க வேண்டாம். உங்கள் பங்கின் இந்த ஏற்றத்திலேயே, விலை இறங்கி மறுபடி புது உச்சம் தொட்ட இடங்களை எடுத்து, ஒவ்வொரு இறக்கமும் உச்சத்திலிருந்து எத்தனை ஏடிஆர் என்று பாருங்கள். எல்லாம் இரண்டு, இரண்டரைக்குள் என்றால் மூன்று சரி. அடிக்கடி மூன்றைத் தாண்டி இறங்கித் திரும்பியிருந்தால் மூன்றரை வையுங்கள், ஆனால் அடுத்த முறை வாங்கும்போது அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் 10 உள்ள பங்கில் 100 பங்குக்கு மூன்று ஏடிஆர் என்பது 3,000 ரூபாய், மூன்றரை என்றால் 3,500. உங்களால் தாங்க முடிந்தது 3,000தான் என்றால் 85 பங்கு வாங்குங்கள்.