மகளின் விடுவிப்புக் கடிதத்தில் ஒரு வரி அதிகம், ஒரு தேதி தவறு

ஐயா, உங்கள் மகளுக்குப் பழைய நிறுவனம் கொடுத்த, நீங்கள் எனக்கு அனுப்பிய விடுவிப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளை நல்லபடியாகத்தான் அனுப்பி வைத்திருக்கிறார்கள், பாராட்டும் இருக்கிறது. ஆனாலும் புதிய நிறுவனம் விளக்கம் கேட்டிருப்பதில் வியப்பில்லை.

முதலில் தேதி. மகள் கடைசியாக வேலை பார்த்த நாள் 30.08.2024. கடிதமோ ‘31.08.2024 முதல் விடுவிக்கப்படுகிறார்’ என்கிறது. எழுதியவர் மனத்தில் இரண்டும் ஒன்றுதான். புதிய நிறுவனத்துக்காகச் சரிபார்ப்பவர் இந்தக் கடிதத்தையும் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் உள்ள வெளியேறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அங்கே 30 என்று இருக்கிறது. ஒரு நாள் வித்தியாசம்தான், ஆனால் அவர் அதைக் குறித்துக்கொள்ள அது போதும். ‘30.08.2024 அன்று அலுவல் நேர முடிவில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை. கடிதத்தின் மேலே உள்ள 12.09.2024 அதை எழுதிக் கொடுத்த நாள். அது பிந்தி இருப்பதில் தவறில்லை. விடுவித்த தேதியோடு கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, ‘சுமார் இரண்டு ஆண்டுகள் மென்பொருள் சோதனையாளராகப் பணியாற்றினார்’ என்ற வரி. அனுபவச் சான்றிதழில் ‘சுமார்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. மகள் 13.06.2022 அன்று பயிற்சியாளராகச் சேர்ந்தாள், 01.01.2023 முதல்தான் சோதனையாளர். மொத்த அனுபவம் இரண்டு ஆண்டு இரண்டரை மாதம். பயிற்சிக் காலத்தைக் கழித்தால் ஒரு ஆண்டு எட்டு மாதம். இரண்டு ஆண்டு கேட்கும் இடத்தில் இந்த வேறுபாடுதான் வாசலைத் திறக்கும் அல்லது அடைக்கும். பயிற்சிக் காலத்தை மறைக்கச் சொல்லவில்லை. இரண்டு பதவிகளையும் தனித்தனித் தேதிகளோடு எழுதி, ‘இரண்டு காலத்திலும் முழுநேர ஊதியப் பணியாளர்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். அதை அனுபவமாகக் கணக்கிடுவதா என்பது புதிய நிறுவனத்தின் முடிவு. செய்த வேலையை இரண்டு வரியில் சொன்னால் போதும்.

இனி அதிகப்படியான வரி: ‘தாயாரின் சிகிச்சை காரணமாக நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடிக்காமல் விலகினார்.’ இரக்கத்தோடு எழுதியிருக்கலாம். படிப்பவர் கண்ணில் படுவது ‘முடிக்காமல்’ என்ற சொல் மட்டும்தான். நோட்டீஸ் 60 நாள். 30 நாள் வேலை பார்த்தாள், மீதி 30 நாளுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு நிறுவனமே சம்மதித்து அனுப்பியது. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. விலகிய காரணம், வீட்டார் உடல்நிலை, பிடித்தம், விடுப்புக் கணக்கு, மேலாளரோடு இருந்த மனத்தாங்கல் எதுவும் இந்தத் தாளில் வரவேண்டியதில்லை. ‘ராஜினாமா ஏற்கப்பட்டது, நிறுவனத்துக்கு நிலுவை எதுவும் இல்லை’ என்றால் நிறைவு.

சம்பளமும் வேண்டாம். அதற்குச் சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் இருக்கின்றன. ஒரு விதிவிலக்கு உண்டு: கனடா போன்ற நாட்டுக்குக் குடியேற விண்ணப்பிப்பவர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிய கடிதத்தைக் கேட்பார்கள். அப்படித் தேவைப்பட்டால் அதைத் தனிக் கடிதமாக வாங்கிக்கொள்ளலாம்.

பாராட்டு வரிகள் இருந்துவிட்டுப் போகட்டும். ‘நடத்தை திருப்திகரமாக இருந்தது’ என்ற ஒன்றே போதும் என்பேன். அவற்றைவிட எனக்கு உறுத்துவது கையெழுத்து இருக்க வேண்டிய இடம். ‘மனிதவளப் பிரிவு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்டவர் பெயர், பதவி, நிறுவனத்தின் அலுவலக மின்னஞ்சல் மூன்றும் வேண்டும். சரிபார்ப்பவர் யாரிடம் கேட்பார்?

தொலைபேசியில் சண்டை போட வேண்டாம். மகளே அந்தப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதட்டும்: தேதி, இரண்டு பதவிகள், நீக்க வேண்டிய வரி, கையெழுத்திட்டவர் விவரம். திருத்திய கடிதத்தின் மாதிரியைத் தட்டச்சு செய்து இணைத்துவிட்டால் அவர்களுக்கும் வேலை குறையும். ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சலும் கூடவே போகட்டும். அலுவலக மின்னஞ்சலை முடக்குவதற்கு முன்பே அதைத் தன் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டாளா என்று கேளுங்கள்.

கணினி தெரிந்த உறவினர் யாராவது, ‘ஒரு தேதிதானே, நானே மாற்றித் தருகிறேன்’ என்பார். சம்மதிக்காதீர்கள். சரிபார்க்கும் நிறுவனம் கடித நகலைப் பழைய அலுவலகத்துக்கே அனுப்பிக் கேட்கும். அவர்கள் கோப்பில் 31 என்றும் உங்கள் கையில் 30 என்றும் இருந்தால், நிறுவனத்தின் கவனக்குறைவு உங்கள் மகளின் மோசடியாக மாறிவிடும். திருத்தம் வரும்வரை இருக்கிற கடிதத்தையே கொடுத்து, ‘தேதித் திருத்தம் கேட்டிருக்கிறேன்’ என்று புதிய இடத்தில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கட்டும்.