தீபாவளி போனஸ் குறைகிறது என்று சொல்ல வேண்டியவருக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் 26 பேர். தீபாவளிக்கு 20 விழுக்காடு போனஸ் வழக்கமாகக் கிடைத்து வந்தது. இந்த ஆண்டு 8.33 மட்டுமே என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டு, ஆட்களிடம் என்னையே சொல்லச் சொல்கிறது. தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கிறது. பதினைந்து நாள் முன்னால் சொன்னால் போதும் என்கிறார் மேலாளர். பொய் சொல்லாமலும் அவர்கள் மனம் நோகாமலும் இதை எப்படிச் சொல்வது?

ம., கடலூர்

அன்புள்ள ம.,

மனம் நோகாமல் சொல்ல வழியில்லை. பணம் குறைவதால் வரும் வருத்தம் வந்தே தீரும். அது குறைந்த விதமும் சொன்ன விதமும் சேர்த்து உண்டாக்கும் இரண்டாவது வருத்தத்தைத்தான் நீங்கள் தடுக்க முடியும்.

வாயைத் திறப்பதற்கு முன் கணக்குப் பிரிவில் ஓர் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் ஆட்கள் 'போனஸ்' என்று ஒரே சொல்லால் குறிப்பிடும் தொகைக்குள் பெரும்பாலும் இரண்டு தொகைகள் இருக்கும். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் விதித்ததும், 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படியே தொடர்வதுமான 8.33 விழுக்காடு குறைந்தபட்ச போனஸ். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் உள்ள 11.67 விழுக்காடு, பல நிறுவனங்களில் கருணைத் தொகை என்ற பெயரில் நிர்வாகம் விரும்பிச் சேர்ப்பது. உங்கள் சம்பளச் சீட்டிலும் அப்படியே பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால், லாபத்தில் போனஸுக்கென்று ஒதுக்க வேண்டியதாகச் சட்டம் கணக்கிடும் பங்கு, அதாவது பகிர்ந்தளிக்கத்தக்க உபரி, போதிய அளவில் இருக்கும் ஆண்டில் 20 விழுக்காடு வரையில் சட்டப்படியே கொடுக்க வேண்டியிருக்கும். தொழிற்சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் நிர்வாகம் தன்னிச்சையாகக் குறைக்கவும் முடியாது. "உபரி கணக்குப் போட்டுத்தான் 8.33 என்று முடிவெடுத்தீர்களா, ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அறிவிப்பைத் தள்ளிவைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாளை புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு யாராவது மனு எழுதினால், ஆட்கள் நினைவில் நிற்கப்போவது உங்கள் முகம்தான்.

அடுத்தது நாள். பதினைந்து நாள் போதும் என்பவர் மாதச் சம்பளத்தில் தீபாவளியை முடித்துவிடக்கூடியவராக இருக்க வேண்டும். உங்கள் 26 பேரில் பலர் வழக்கமான 20 விழுக்காடு வரும் என்ற நம்பிக்கையில் இப்போதே கைமாற்று வாங்கத் தொடங்கியிருப்பார்கள். அடகில் இருக்கும் நகையை அந்தப் பணத்தில் மீட்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்தவரும் இருப்பார். ஏழு வாரம் முன்னால் தெரிந்தால் வாங்காமல் இருந்திருக்கக்கூடிய கடனை, பதினைந்து நாள் முன்னால் தெரிந்தவர் வாங்கிமுடித்திருப்பார். ஆகவே கணக்கு உறுதியான அன்றே, இந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மேலாளரிடம் இதை இரக்கமாக வாதாடாமல், தாமதித்தால் முன்பணம் கேட்டு வருவோர் வரிசை நீளும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த மொழி அவருக்குப் புரியும்.

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் இதே செய்தியை எப்படிச் சொல்லக்கூடாது என்பதைப் பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் நான்கு வரி, கையெழுத்து இல்லாமல் ஒட்டிவிட்டு அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டார். இரவு ஷிப்ட் முடிவதற்குள் 'போனஸே இல்லையாம்' என்று செய்தி மாறி, மறுநாள் காலை கேன்டீனில் ஒருவரும் சாப்பிடவில்லை. உண்மையில் அங்கேயும் சட்டப்படியான தொகை கிடைக்கத்தான் இருந்தது.

நீங்கள் ஷிப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, நின்றபடியே, தொகையை முதலில் சொல்லுங்கள். கணக்கிடும் சம்பளம் மாதம் 12,000 என்றும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரைப் பாதியாக்கியதுதான் காரணம் என்றும் வைத்துக்கொண்டால், பேச்சு இப்படி இருக்கலாம்:

"ஒரு வருத்தமான செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன். இந்த வருஷம் தீபாவளிக்கு 20 பர்சென்ட் இல்லை, 8.33தான். போன வருஷம் 28,800 வாங்கினவங்களுக்கு இந்த வருஷம் சுமார் 12,000 வரும். அதாவது 16,800 ரூபாய் குறையுது. சட்டப்படி வரவேண்டியது முழுசா வருது. கம்பெனி மேல சேர்த்துக் கொடுத்த கருணைத் தொகைதான் நின்னிருக்கு. பெரிய பார்ட்டியோட ஆர்டர் பாதியாயிடுச்சுன்னு நிர்வாகம் சொல்லுது. உங்க வேலையில குறை இருந்ததால இல்லை. பணம் தீபாவளிக்கு முன்னாடியே கணக்குல ஏறிடும். அடுத்த வருஷம் எப்படின்னு எனக்குத் தெரியாது, அதனால வாக்குக் குடுக்கலை."

இந்தப் பேச்சில் சேரக்கூடாத சில வாக்கியங்கள் நாக்கின் நுனிக்கு வரும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பதை விட்டுவிடுங்கள்; குடும்பம் என்றால் லாபம் வந்தபோது ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. "எனக்கும் குறைந்திருக்கிறது" என்பதை அவர்களாகக் கேட்டால் ஒழியச் சொல்ல வேண்டாம். "நான் என்ன செய்ய முடியும், மேலிடத்து முடிவு" என்பது உண்மைதான் என்றாலும், அதைச் சொன்ன கணத்தில் அவர்கள் கேள்வி கேட்க வேண்டிய ஆளாக நீங்கள் இல்லாமல் போய்விடுகிறீர்கள். முடிவு நிர்வாகத்தினுடையது என்று ஒரு தடவை நேராகச் சொல்லிவிட்டு, சந்தேகங்களை நானே கேட்டுப் பதில் கொண்டுவருகிறேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் ஓர் அமைதி வரும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். பிறகு முதல் கேள்வி பெரும்பாலும் கோபமாகத்தான் வரும்: "முதலாளிக்குப் புது வண்டி வாங்கப் பணம் இருக்குதே?" இதற்கு நிர்வாகத்தின் வழக்கறிஞராக மாற வேண்டியதில்லை. "வண்டிக் கணக்கு எனக்குத் தெரியாது. போனஸ் கணக்கு எப்படிப் போட்டாங்கன்னு கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்பது போதும். ஆனால் வெள்ளிக்கிழமை சொல்லியாக வேண்டும், பதில் கிடைக்கவில்லை என்பதே பதிலாக இருந்தாலும்.

இரண்டு பேச்சுகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, போனஸுக்குச் சட்டம் வைக்கும் மாதச் சம்பள வரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்கும் மூத்த ஆட்களோடு. இதுவரை அவர்களுக்குக் கிடைத்தது முழுவதும் நிர்வாகம் விரும்பிக் கொடுத்ததாக இருந்தால், '8.33 உண்டு' என்ற பொது அறிவிப்பை நம்பிக் கடைசியில் ஏமாறப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். மற்றொன்று, கூட்டத்தில் வாயே திறக்காமல் போகிறவரோடு. மறுநாள் டீ நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பணத்தை நம்பி ஏதாவது கட்ட வேண்டியிருந்ததா என்று கேளுங்கள். அதனால்தான் சம்பள முன்பணம் எவ்வளவு வரை தருவார்கள், எத்தனை தவணையில் பிடிப்பார்கள் என்பதைக் கணக்குப் பிரிவில் உட்காரும் அந்த அரை மணி நேரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். கையில் பதில் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

நீங்கள் பேசிய அன்றே, அதே தொகை, அதே காரணம், பணம் ஏறும் தேதி மூன்றும் தமிழில் எழுதி, மேலாளர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகைக்குப் போக வேண்டும். கையெழுத்திட அவர் தயங்கினால் கூட்டத்தைக் கூட்டாதீர்கள்.