PTC என்று இருந்தால் இந்திய நிறுவனம்தானா?

கேள்வி: நானும் வெளிநாட்டில் வேலை செய்யும் என் தங்கையின் கணவரும் 2020-இல் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கினோம். பங்குகளில் அவருக்கு 60 சதவீதம், எனக்கு 40. பணம் அவருடையது, உழைப்பு முழுக்க என்னுடையது. 2022-இல் எங்கள் நிறுவனம் ஒரு செய்தி இணையதள நிறுவனத்தின் 70 சதவீதப் பங்குகளை வாங்கியது. இப்போது எங்கள் நிறுவனத்தை வாங்க வந்தவர், “உங்களுடையது வெளிநாட்டு உடைமை நிறுவனம்” என்று சொல்லி விலகப் பார்க்கிறார். எங்கள் பதிவு எண்ணில் PTC என்றுதான் இருக்கிறது. ஆடிட்டரும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. விலையைக் குறைக்க மைத்துனர்தான் இப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார் என்று சந்தேகிக்கிறேன். அவர் இதுவரை செய்த துரோகங்களை எழுதினால் பக்கம் போதாது. அவர்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: துரோகங்களை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் எதுவும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது: 2020-இல் மைத்துனர் பெயருக்குப் பங்குகள் ஒதுக்கப்பட்டபோது, அந்த முதலீட்டை அவர் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்ற அடிப்படையில் ஒதுக்கினீர்களா, எடுத்துச் செல்ல முடியாது என்ற அடிப்படையிலா?

PTC உங்களைக் காப்பாற்றாது. 21 எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணில் 13 முதல் 15 வரை உள்ள அந்த மூன்று எழுத்துகள் நிறுவனத்தின் வகையை மட்டுமே காட்டுகின்றன. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமாக இருந்தால் FTC என்று வரும். உங்கள் மைத்துனர் நிறுவனம் அல்ல, தனிநபர். அவர் 99 சதவீதம் வைத்திருந்தாலும் PTC என்றுதான் இருக்கும். ஆண்டு அறிக்கையின் பங்குதாரர் பட்டியலில் ‘வெளிநாடு வாழ் இந்தியர்’ என்று தனி வரி உண்டு. ஆனால் பணம் எந்த அடிப்படையில் வந்தது என்பதை அந்த வரியும் சொல்லாது. அந்நிய முதலீடு பதிவாகும் இடம் ரிசர்வ் வங்கியின் FIRMS தளத்தில் உள்ள Entity Master. உங்கள் நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து 2020-ஆம் ஆண்டின் வங்கிக் காகிதங்களை எடுங்கள். மைத்துனர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து பணம் வந்து, இயக்குநர் குழுத் தீர்மானத்திலும் ‘திரும்ப எடுத்துச் செல்லும் உரிமையின்றி’ என்று இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். 2019-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின் நான்காம் அட்டவணைப்படி அது உள்நாட்டு முதலீட்டுக்குச் சமம். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியதை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் FC-GPR படிவம் தேவையில்லை. அந்த ஒரு காகிதத்தைக் காட்டினால் வாங்குபவரின் வக்கீல் அடங்கிவிடுவார். ஆனால் மைத்துனர் அன்றைக்கே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்து, ஓ.சி.ஐ. அட்டையும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

பணம் வெளிநாட்டிலிருந்து நேராக நிறுவனத்தின் கணக்குக்கு வந்து, வங்கிச் சான்றில் P0006 என்ற நோக்கக் குறியீடும் இருந்தால் கதை வேறு. வங்கி அதை நேரடி அந்நிய முதலீடு என்று பதிவு செய்திருக்கிறது என்று பொருள். பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் FC-GPR போயிருக்க வேண்டும். போயிருக்காது என்பது என் ஊகம். போயிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள்.

படிவம் போகாதது சிறிய தவறு. பெரிய தவறு 2022-இல் நடந்தது. டிஜிட்டல் செய்தி ஊடகத்தில் அந்நிய முதலீட்டின் உச்சவரம்பு 26 சதவீதம், அதுவும் மத்திய அரசின் முன் அனுமதியோடு. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் பெருக்கிப் பார்ப்பார்கள்: 60-இல் 70 சதவீதம், ஆக 42. சட்டம் அப்படிப் பெருக்குவதில்லை. முதலீடு செய்யும் நிறுவனத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் வசிப்பவர் கையில் இருந்தால், அது வாங்கிய பங்கு முழுவதும் மறைமுக அந்நிய முதலீடு. ஆக அந்தச் செய்தி நிறுவனத்தில் இருப்பது 42 அல்ல, 70. மைத்துனருக்குச் சரியாக 50 சதவீதம் மட்டும் இருந்து, நிர்வாகக் கட்டுப்பாடும் அவர் கையில் இல்லாமல் இருந்திருந்தால் கணக்கில் வருவது பூஜ்யம்.

இந்த நிலையில் என் கட்சிக்காரர்கள் போய் விழும் குழிகள் இரண்டு. ஒன்று, 2020 தேதியிட்டு இப்போது புதிதாகத் தீர்மானம் தயாரிப்பது. வங்கிச் சான்றில் முதலீட்டுக் குறியீடு இருக்கும்போது அந்தத் தீர்மானம் பொய் என்பது ஒரே பார்வையில் தெரியும். அபராதத்தோடு முடியவேண்டிய விஷயம் போலி ஆவண வழக்காகிவிடும்.

இரண்டாவது குழிக்குள் நீங்கள் ஏற்கெனவே ஒரு காலை வைத்துவிட்டீர்கள். மைத்துனர்மேல் வழக்குப் போட்டால் என்ன எழுதுவீர்கள்? “வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் அனுப்பி 60 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டார், செய்தி நிறுவனத்தை வாங்க வைத்ததும் அவர்தான்.” ஒவ்வொரு வரியும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறியதற்கு நீங்களே சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். ஃபெமா 42-ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். அன்றாட நிர்வாகம் யாருடையது? உழைப்பு முழுக்க என்னுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 13-ஆம் பிரிவில் அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அவர் வெளிநாட்டில் இருப்பார். சம்மன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வீரம் பேச இது இடமில்லை. முதலில் செய்தி நிறுவனத்தின் பங்குகளை விற்று வெளியே வாருங்கள். மீறலை ஒப்புக்கொண்டு, விதிக்கும் தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளும் சமரசத் தீர்வு மனுவை, மீறல் நீடிக்கும்வரை ரிசர்வ் வங்கி எடுத்துக்கொள்ளாது. அடுத்து விடுபட்ட FC-GPR, கூடவே 2022 வாங்கலின் மறைமுக அந்நிய முதலீட்டைத் தெரிவிக்கும் DI படிவம் இரண்டையும் தாக்கல் செய்யுங்கள். தாமதக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளும் வசதி மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்பதால், உங்களுக்குச் சமரசத் தீர்வுதான் வழி. இவை முடிந்தபின் மைத்துனரிடமிருந்து 11 சதவீதம் வாங்கி உங்கள் பங்கை 51 ஆக்கலாம். அவரது பங்கு திரும்ப எடுத்துச் செல்லும் வகை என்றால், மதிப்பீட்டுச் சான்று காட்டும் நியாய மதிப்புக்கு மேல் நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. குடும்பச் சமரசத்தில் பெரியவர்கள் கூடி முடிவு செய்யும் ‘மரியாதைத் தொகை’ இந்த விதியில் அடிபட்டுப்போகும். பங்கு கைமாறியதைத் தெரிவிக்கும் FC-TRS படிவத்தை 60 நாளுக்குள் தாக்கல் செய்யும் பொறுப்பும் இங்கே வசிக்கும் உங்களுடையது.

மைத்துனரோடு போடும் ஒப்பந்தத்தில், சமரசத் தீர்வுக்காக ரிசர்வ் வங்கி விதிக்கும் தொகையை யார் எந்த விகிதத்தில் கட்டுவது என்று ஒரு ஷரத்து கட்டாயம் இருக்க வேண்டும். வாங்க வந்தவரிடமும் எதையும் மறைக்காதீர்கள். தீர்வு உத்தரவு கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க அவர் ஒப்புக்கொண்டால், அந்த விற்பனையை விடாதீர்கள்.